நிகாஹ், பிறப்பு, பட்டச் சான்றிதழ்கள்: வெளிநாட்டு விண்ணப்பத்திற்கு மொழிபெயர்ப்பும் சான்றிட்ட நகலும் தயாரிப்பது எப்படி?



வெளிநாட்டில் பணிபுரியும் கணவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கிறார். "சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு வேண்டும், சான்றிட்ட நகல் வேண்டும்" என்று விண்ணப்பக் குறிப்பில் இருக்கிறது. சோளிங்கரில் இருக்கும் வீட்டார் முதலில் கேட்பது, "அரசாங்க மொழிபெயர்ப்பாளர் எங்கே இருக்கிறார்?" என்பதுதான். அப்படி ஒருவரைத் தேடி வேலூருக்கும் சென்னைக்கும் அலைந்த பிறகு, யாரோ ஒரு தட்டச்சு நிலையத்தில் அவசரமாக முடித்து அனுப்பிவிடுகிறார்கள். பல மாதங்கள் கழித்து, பெயர் பொருந்தவில்லை என்றோ மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை என்றோ கடிதம் வருகிறது. இந்த அலைச்சலைத் தவிர்க்க எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

இந்தியாவில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என்பது என்ன?

இலங்கையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற பதவி உண்டு. அவருடைய முத்திரையே போதும். ஜெர்மனியிலும் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அப்படிப்பட்ட பதவி இல்லை. எனவே இங்கே நடைமுறை வேறு. இரு மொழியும் அறிந்த ஒருவர் மொழிபெயர்த்து, "இது முழுமையானது, சரியானது" என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுகிறார். 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், 8ஆம் பிரிவில், பிரமாணம் செய்து வைக்கவும் ஆவணத்தை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்றளிக்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. நம் நாட்டில் 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு' என்று கேட்கப்படும் இடத்தில் தர வேண்டியது இதைத்தான்.

ஆனால் பெறுகிற நாடு என்ன கேட்கிறது என்பதே இறுதி அளவுகோல். கனடாவின் குடிவரவுத் துறை, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லாத ஒருவர் மொழிபெயர்த்தால், அவருடைய பிரமாணப் பத்திரம் வேண்டும் என்கிறது. ஆவணத்தில் உள்ள முத்திரைகளும் ரப்பர் ஸ்டாம்புகளும்கூட மொழிபெயர்க்கப்பட வேண்டும். விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோர், துணைவர், உடன்பிறந்தார், பிள்ளைகள், மாமா, அத்தை, ஒன்றுவிட்ட சகோதரர் போன்ற உறவினரோ மொழிபெயர்க்கக் கூடாது. அவர் வழக்கறிஞராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ இருந்தாலும் கூடாது. பிரிட்டன் கேட்பது இதைவிட எளிது. மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை இருந்தால் போதும். அமெரிக்கக் குடியேற்ற விதியும் மொழிபெயர்ப்பாளரின் எழுத்துப்பூர்வ உறுதியைத்தான் கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அரபி மொழிபெயர்ப்பை அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர் செய்ய வேண்டும். ஆகவே இங்கே அரபியாக்கிக் கொண்டு போவது பெரும்பாலும் வீண் செலவுதான்.

சான்றிட்ட நகல்: யார் சான்றிட்டது?

இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகமே அந்தப் பதிவிலிருந்து எடுத்துக் கையெழுத்திட்டுத் தரும் நகல். சார்பதிவாளர் தரும் திருமணப் பதிவு நகலும், நகராட்சி தரும் பிறப்புச் சான்றும் இவ்வகை. இரண்டாவது, உங்கள் கையில் உள்ள அசலைப் பார்த்து, அதன் ஒளிநகலில் "அசலுக்கு இணையான உண்மை நகல்" என்று நோட்டரி எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையிடுவது.

முதல் வகை, பதிவில் என்ன இருக்கிறது என்பதற்குச் சான்று. இரண்டாவது வகை, தாளில் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. மை மங்கிய, மடிப்பில் கிழிந்த பழைய சான்றிதழை நோட்டரியிடம் கொண்டு போவதைவிட, அலுவலகத்தில் விண்ணப்பித்துப் புதிய நகல் வாங்குவதே நல்லது. திருமணப் பதிவுகளுக்கு tnreginet.gov.in தளத்திலும், பிறப்புச் சான்றுக்கு crstn.org தளத்திலும் தேடிப் பார்க்கலாம். இப்போது வரும் பிறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வருவதால் அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது. பழைய கையெழுத்துச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு செய்யும் முன், புதிய நகல் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

ஜமாஅத் தஃப்தரும் அரசுப் பதிவும்

நிகாஹ் நடந்ததற்கு முதல் சாட்சி பள்ளிவாசல் தஃப்தர். ஆனால் வெளிநாட்டு அலுவலகங்கள் பொதுவாகக் கேட்பது அரசுப் பதிவை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 அதே ஆண்டு நவம்பர் 24 முதல் எல்லா மதத்தினருக்கும் நடைமுறைக்கு வந்தது. நிகாஹ் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் மேலும் 60 நாட்கள் வரை கூடுதல் கட்டணத்துடன் பதியலாம்.

அந்த 150 நாட்களும் கடந்த பிறகு வருகிறவர்களிடம், "சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம்" என்று சில ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஏற்கெனவே நடந்த நிகாஹையும் பதிய இடம் தருவது உண்மை. அறிவிப்புக்குப் பிறகு 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். பதிகிற நேரத்தில் இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் அப்படிப் பதிந்த திருமணம், அந்தச் சட்டத்தின் கீழேயே நடந்த திருமணமாகக் கருதப்படும். அதன் 21ஆம் பிரிவின்படி, அந்தத் தம்பதியரின் சொத்தும் அவர்கள் பிள்ளைகளின் சொத்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். ஷரீஅத் பாகப்பிரிவினைப்படி அல்ல. விசாவுக்காக ஒரு தாள் வாங்கப் போய், வாரிசுரிமை மாறிவிட்டது என்பதைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. தாமதமாகிவிட்டவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் பதிகிறோம் என்பதைப் படிவத்தின் தலைப்பிலேயே பார்த்து, வழக்கறிஞரிடமும் ஆலிமிடமும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஒரு குடும்பத்தின் தாள்கள்

எடுத்துக்காட்டாக ஒரு சோளிங்கர் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவர் யூசுப், திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பி.காம். பட்டதாரி. மனைவி ஃபாத்திமா, 1994இல் சோளிங்கரில் பிறந்தவர். நிகாஹ் 2016இல் நடந்து, உரிய காலத்தில் அரசிலும் பதியப்பட்டது. மகள் 2021இல் சோளிங்கரிலேயே பிறந்தாள். கனடாவில் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

மேசையில் தாள்களைப் பரப்பினால் முதலில் கண்ணில் படுவது மாவட்டத்தின் பெயர். ஃபாத்திமாவின் பிறப்புப் பதிவில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றிருக்கிறது. நிகாஹ் பதிவில் வேலூர் மாவட்டம். மகளின் சான்றிதழில் ராணிப்பேட்டை மாவட்டம். ஊர் ஒன்றுதான். 1989இல் பழைய வட ஆற்காடு பிரிந்தது; 1997இல் மாவட்டங்களின் பெயர்கள் தலைநகரங்களின் பெயர்களாக மாறின; 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. இதெல்லாம் கனடாவில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. அதற்காக மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் 'ராணிப்பேட்டை' என்று மாற்றி எழுதினால், மொழிபெயர்ப்பும் அசலும் ஒத்துப்போகாது. அது பொய்யான மொழிபெயர்ப்பாகிவிடும். அசலில் இருப்பதையே எழுத வேண்டும். மூன்று பெயரும் ஒரே ஊரைக் குறிப்பது எப்படி என்பதை விண்ணப்பதாரர் தனிக் கடிதமாக நான்கு வரியில் எழுதி இணைக்க வேண்டும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் இதே விதிதான். SHOLINGHUR என்றும் SHOLINGUR என்றும் இரண்டு விதமாகத் தாள்களில் வரும். தமிழ் ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பின்பற்றச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலேயே அச்சான தாளில் இருப்பதைத் தொடக் கூடாது.

அடுத்தது பெயர். தஃப்தரில் "இ. முஹம்மது யூசுப், த/பெ. மர்ஹூம் இப்ராஹீம் சாஹிப்" என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் MOHAMED YOUSUF EBRAHIM SAHIB. பட்டச் சான்றிதழில் YOUSUF E. தமிழில் 'இ' என்ற முதலெழுத்தை மொழிபெயர்ப்பாளர் I என்று எழுதிவிட்டால், மூன்றாவது ஆள் ஒருவர் உருவாகிவிடுவார். எனவே மொழிபெயர்ப்பாளரிடம் தஃப்தர் நகலோடு பாஸ்போர்ட் நகலையும் கொடுங்கள். அவர் பெயரைப் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலில் எழுதலாம். ஆனால் அசலில் இல்லாத பகுதியைச் சேர்க்கக் கூடாது. அசலில் முதலெழுத்து மட்டுமே இருந்தால் மொழிபெயர்ப்பிலும் E என்ற முதலெழுத்துதான் வர வேண்டும். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை யூசுப் தன் சார்பில் தனிப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பிரமாணமும் இதுவும் ஒன்றல்ல. தான் மொழிபெயர்த்தது சரி என்பதற்கு மட்டுமே அவர் சாட்சி. யூசுப் யார் என்பதற்கு அவரால் சாட்சி சொல்ல முடியாது.

பெயரே வேறாக இருந்தால், அதாவது தஃப்தரில் யூசுப் என்றும் பாஸ்போர்ட்டில் யூனுஸ் என்றும் இருந்தால், பிரமாணப் பத்திரத்தை மட்டும் நம்ப முடியாது. எந்தப் பதிவில் பிழையோ, அந்த அலுவலகத்தில் திருத்தி, திருத்திய நகலை வாங்கிய பிறகே மொழிபெயர்ப்புக்குப் போக வேண்டும்.

நிகாஹ் பதிவில் மொழிபெயர்ப்பாளர் இடறும் இடங்கள்

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பகுதி தஃப்தர்களில் தமிழும் உருதுவும் கலந்து வரும். சட்ட ஆவணங்களை நன்றாக மொழிபெயர்ப்பவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். முக்கியமாக நான்கு சொற்களைக் கவனிக்க வேண்டும்.

'வக்கீல்' என்பது தஃப்தரில் மணப்பெண்ணின் சம்மதத்தைப் பெற்று வந்து சொல்லும் பிரதிநிதி. இதை வழக்கறிஞர் என்று மொழிபெயர்த்துவிட்டால், இந்தத் திருமணத்தில் வழக்கு எதற்கு என்ற கேள்வி எழும். 'வலீ' என்பது பெண்ணின் பொறுப்பாளர், பெரும்பாலும் தந்தை. வலீயையும் வக்கீலையும் ஒரே சொல்லால் எழுதக் கூடாது. 'மர்ஹூம்' என்பது காலமானவர் என்ற குறிப்பு. அதைத் தந்தையின் பெயரின் முதல் பகுதியாக நினைத்து எழுதிவிடுவதால், பிறப்புச் சான்றில் உள்ள தந்தை பெயரோடு ஒத்துப்போவதில்லை. ஜனாப், ஹாஜி, மௌலவி போன்ற அடைமொழிகளிலும் இதே ஆபத்து உண்டு. நான்காவது 'மஹர்'. இதை வரதட்சணை என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லால் எழுதவே கூடாது. மஹர் கணவன் மனைவிக்குக் கொடுப்பது. வரதட்சணையோ இந்தியச் சட்டத்தில் குற்றம். மஹர் என்ற சொல்லை அப்படியே வைத்து, "மணமகன் மணமகளுக்குத் தரும் திருமணக் கொடை" என்று சதுர அடைப்புக்குறிக்குள் விளக்கம் தரலாம்.

ஹிஜ்ரி தேதியிலும் கவனம் வேண்டும். நம் கணக்கில் மஃரிபோடு நாள் மாறிவிடும். ஞாயிறு இஷாவுக்குப் பின் நடந்த நிகாஹுக்கு, தஃப்தரில் ஆங்கிலத் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கும் ஹிஜ்ரி தேதி மறுநாளுக்கும் உரியதாக இருக்கும். பிறை பார்ப்பதிலும் இங்கும் சவூதியிலும் ஒரு நாள் வித்தியாசம் வரலாம். மொழிபெயர்ப்பாளர் கணினியில் ஹிஜ்ரியை மாற்றிப் பார்த்து, "இது தவறு" என்று ஆங்கிலத் தேதியைத் திருத்தினால், அரசுப் பதிவிலுள்ள தேதியோடு மோதும். இரண்டு தேதியும் அசலில் உள்ளபடியே வரட்டும். தஃப்தரில் ஹிஜ்ரி மட்டும் இருந்தால் அதை மட்டும் எழுதி, ஆங்கிலத் தேதிக்கு அரசுப் பதிவை இணையுங்கள்.

பிறப்புப் பதிவில் பெயர் இல்லாவிட்டால்

பலருடைய பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். மருத்துவமனை பிறப்பைப் பதிந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பதிவான ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம். பெயரில்லாத சான்றை மொழிபெயர்த்து, ஆங்கிலத்தில் மட்டும் பெயரை நிரப்பிக்கொள்வது மோசடியாகிவிடும். முதலில் பதிவில் சேர்த்து, புதிய நகல் எடுங்கள்.

பிறப்பே பதியப்படவில்லை என்றால், உரிய அலுவலகத்தில் "பதிவு இல்லை" என்ற சான்று வாங்க வேண்டும். கிராமத்தில் பிறந்தவர்களின் பழைய பதிவுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. அங்கும் தேடாமல் இல்லை என்ற முடிவுக்கு வராதீர்கள். ஒரு வருடம் கடந்த பிறப்பைப் புதிதாகப் பதிய வருவாய்த் துறை நடுவரின் உத்தரவு தேவை. அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் இதை எல்லாவற்றிற்கும் முன்னால் தொடங்குங்கள்.

பட்டச் சான்றிதழ்

நம் பல்கலைக்கழகப் பட்டங்களில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படுவது உண்மைத்தன்மைச் சான்று. அதைக் கல்லூரி தர முடியாது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம்தான் தர வேண்டும். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல்தான் தொடங்கியது. அதற்கு முன் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் படித்து முடித்தவர்களின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. கல்லூரி ஒன்றேயானாலும் அண்ணன் சென்னைக்கும் தம்பி சேர்க்காட்டுக்கும் போக வேண்டியிருக்கும். அசலை லேமினேஷன் செய்யாதீர்கள்; அதன் பின்புறத்தில்தான் முத்திரையும் அப்போஸ்டில் ஒட்டுச்சீட்டும் வர வேண்டும்.

மதரஸா ஸனதுக்குத் தனிக் கவனம் வேண்டும். மௌலவி ஆலிம் ஸனதைப் பி.ஏ. என்று மொழிபெயர்ப்பது தவறு. 'ஆலிம் ஸனது' என்றே வைத்து, வழங்கிய மதரஸாவின் பெயரையும் பாடங்களையும் உள்ளபடி எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா பட்டயம் இதிலிருந்து வேறு. அது பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு.

நோட்டரியிடம் போகும் நாள்

மொழிபெயர்ப்பாளரும் அசலும் ஒன்றாகப் போக வேண்டும். கையெழுத்திடுபவர் முன்னால் இல்லாமல் முத்திரையிட்டுத் தரும் நோட்டரியைத் தவிருங்கள். பிரமாணப் பத்திரத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், முகவரி, அவருக்குத் தெரிந்த மொழிகள், எந்த ஆவணம், அதன் எண், தேதி, பக்க எண்ணிக்கை, "முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்தேன்", "விண்ணப்பதாரருக்கு உறவினர் அல்ல" ஆகியவை இருக்க வேண்டும். ஆவணத்துக்கு ஒரு பத்திரம் என்று தனித்தனியாக எழுதுவது நல்லது. அசலின் நகல், மொழிபெயர்ப்பு, பிரமாணப் பத்திரம் மூன்றையும் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட வேண்டும். நோட்டரியின் வட்ட முத்திரையில் அவர் பெயர், அதிகார எல்லை, பதிவு எண் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அசலை ஒரு கையிலும் மொழிபெயர்ப்பை மறு கையிலும் வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு எண்ணையும் முத்திரையையும் பின்பக்கக் குறிப்பையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். படிக்க முடியாத இடத்தில் "தெளிவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். ஊகித்து நிரப்பியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோருக்கு ஒரு படி கூடுதல். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றோடு, 2022 டிசம்பர் 7 முதல் சவூதி அரேபியாவும் இதில் இருப்பதால் அங்கெல்லாம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் செல்லும். அமீரகம், குவைத், கத்தார் ஆகியவற்றுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்று வாங்க வேண்டும். இந்த முத்திரைகளெல்லாம் அசலில் விழுந்த பிறகே அரபி மொழிபெயர்ப்பு செய்ய வேண்டும். முன்பே செய்தால் புதிய முத்திரைகள் மொழிபெயர்ப்பில் இருக்காது. அப்போஸ்டில் கையெழுத்துக்கும் முத்திரைக்கும்தான் சான்று, உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல. பெயரில் பிழை இருந்தால், எத்தனை முத்திரை விழுந்தாலும் அது பிழையாகவே இருக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பதிவுகளை ஒப்பிட்டுத் திருத்தம், பிறகு புதிய நகல், தேவைப்பட்டால் அப்போஸ்டிலோ தூதரகச் சான்றோ, கடைசியில் மொழிபெயர்ப்பு. இந்த வரிசையில் சென்றால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்காது, இன்ஷா அல்லாஹ்.